முகம் தெரியணும், மாமா

மனிதன் சந்திரனில் நின்றதற்குச் சாட்சி என்று உலகம் வைத்திருக்கும் படத்தில் மனித முகம் கிடையாது. 1969 ஜூலை 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் எடுத்தது அது. வெள்ளை உடையில் பஸ் ஆல்ட்ரின் நம்மைப் பார்த்து நிற்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தங்க நிறத்தில் ஒரு வளைந்த கண்ணாடி. அதற்குள் சாம்பல் தரை, ஆல்ட்ரினின் நீண்ட நிழல், இறங்கு கலம், கொடி, கொஞ்சம் தள்ளி வெள்ளையாக ஒரு சின்ன உருவம். அந்தச் சின்ன உருவம்தான் ஆம்ஸ்ட்ராங். கேமரா பெரும்பாலும் அவர் கையில் இருந்ததால், சந்திரத் தரையில் அவர் தெளிவாகத் தெரியும் படங்கள் மிகக் குறைவு. நிலவில் முதலில் கால் வைத்தவரைப் பார்க்க நாம் இன்னொருவருடைய வைசருக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தத் தங்கம் அலங்காரத்துக்கு இல்லை. சந்திரனில் காற்று இல்லை, வெயிலை வடிகட்ட எதுவும் இல்லை. அப்பல்லோ வீரர்களின் தலையைச் சுற்றி இருந்தது பாலிகார்பனேட்டால் ஆன குமிழி. அது தெளிவானது, முகம் நன்றாகவே தெரியும். வெளியே இறங்கும்போது அதன் மேல் இன்னொரு கவசம் மாட்டிக்கொள்வார்கள். அதில்தான் தங்கம் பூசிய வைசர் இருந்தது. தேவைப்பட்டால் இறக்கலாம், வேண்டாமென்றால் மேலே ஏற்றிவிடலாம். வெப்பத்தையும் கூசும் ஒளியையும் திருப்பி அனுப்புகிற அந்த மெல்லிய பூச்சு, வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணாடியாக ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பவர் பார்க்கிறார். அவரை யாரும் பார்க்க முடியாது.

இதனால் ஒரு சில்லறைச் சிக்கல் வந்தது. படங்கள் பூமிக்கு வந்ததும் இதில் இருப்பது யார், அதில் இருப்பது யார் என்று பிரிப்பது கஷ்டமாகிவிட்டது. ஒரே உடை, ஒரே தங்க வைசர். நாசா கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது: தளபதியின் உடையில் கைகளிலும் கால்களிலும் சிவப்புப் பட்டை, ஹெல்மெட் கவசத்திலும் ஒரு பட்டை. அப்பல்லோ 13-இல் ஜிம் லவலுக்காக அது வந்தது, ஆனால் அவர் இறங்கவே முடியவில்லை. அதனால் சந்திரனில் முதலில் சிவப்புப் பட்டையோடு நடந்தவர் 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்ட். விண்வெளியில் நடக்கும் இருவரைப் பிரித்தறிய இன்றும் பட்டைதான்.

ஆக, முகம் போன இடத்தில் அடையாளம் வந்து உட்கார்ந்தது. இதற்கு எட்டு வருடம் முன்பு இதன் மறுபக்கம் ஒன்று நடந்திருக்கிறது.

யூரி ககாரினின் ஹெல்மெட் வெள்ளை. முன்பக்கம் தெளிவான கண்ணாடி, முகம் முழுசாகத் தெரியும். அந்த ஹெல்மெட்டில் சோவியத் ஒன்றியத்தைக் குறிக்கும் நான்கு சிவப்பு எழுத்துகள் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை புறப்படும் நேரம் நெருங்கியபோது கையால் வரையப்பட்டவை. காரணம் 1960 மே மாதம் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம். அதன் விமானி பாரசூட்டில் சோவியத் மண்ணில் இறங்கிப் பிடிபட்டார். ககாரினும் கலத்திலிருந்து வெளியேறிப் பாரசூட்டில்தான் இறங்கப்போகிறார். ஊர்க்காரர்கள் அவரையும் உளவாளி என்று நினைத்துவிட்டால்?

1961 ஏப்ரல் 12 அன்று அவர் சரத்தோவ் பகுதியில் ஒரு வயல்வெளியில் இறங்கினார். அங்கே முதலில் கண்ணில் பட்டவர்கள் ஒரு பாட்டியும் அவருடைய சின்னப் பேத்தியும். ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலையுமாக ஒரு உருவம் நடந்து வருவதைப் பார்த்து அவர்கள் பயந்து பின்வாங்கினார்கள். அவர் தானும் அவர்களைப் போல ஒரு சோவியத் ஆள்தான் என்று குரல் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. நெற்றியில் நாட்டின் பெயர் இருந்தும் வாயைத் திறந்து பேசினால்தான் வேலை நடந்தது. விண்வெளி வீரரை நேருக்கு நேர் பார்த்த முதல் குழந்தை அந்தப் பேத்தி. அந்தக் கணத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் நான் தேடிப் போனதற்குக் காரணம் அக்கா மகள். ஆறு வயசு. விண்வெளி வீராங்கனையாகத் தன்னை ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டணும் என்றாள். நான் ஆல்ட்ரின் படத்தைக் காட்டி, "இப்படி எடுக்கலாமா?" என்றேன். பார்த்துவிட்டு, "என் மூஞ்சி தெரியணும் மாமா. இல்லேன்னா அது நான்தான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். சிவப்புப் பட்டைக்கு வழிவிட்ட அதே கேள்வி. ஆனால் அவள் பட்டை கேட்கவில்லை.

அவள் சொன்னதிலேயே சின்னப் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது. தோளில் நாசா வட்டம், கையில் கொடி என்று ஒட்டினால்தான் விண்வெளி உடை மாதிரி இருக்கும் என்று நமக்கு ஒரு பழக்கம். அந்தச் சின்னங்கள் பொது அலங்காரம் அல்ல. அவற்றை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அர்த்தத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சின்னம் 'இவரை நாங்கள் அனுப்பினோம்' என்று சொல்கிறது. 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 குழுவினர் முதன்முதலாகத் தங்கள் பயணத்துக்கென்று ஒரு துணிச் சின்னம் தைத்துக்கொண்டார்கள். மாட்டு வண்டிக் கூடாரம் போன்ற பழைய அமெரிக்கக் குடியேறிகளின் வண்டி, அதன் மேல் எட்டு நாள் இருந்தே தீருவோம் என்ற பொருளில் ஒரு வாசகம். எட்டு நாள் முடியாமல் போனால் கேலியாகிவிடும் என்று நாசா தலைமை அந்த வாசகத்தை மட்டும் துணியால் மூடி அனுப்பியது. அனுப்புகிறவர்களுக்குச் சின்னம் அவ்வளவு பொறுப்பான விஷயம். இவளை யாரும் அனுப்பவில்லை. அதனால் சின்னம் வேண்டாம். வெள்ளை ரெயின்கோட், கழுத்தில் வளையம், நெஞ்சில் அவளே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஒரு காக்கா. வட்டம், நீல நிறம், நட்சத்திரம், சுற்றுப்பாதைக் கோடு இவற்றைத் தவிர்த்தாலே போதும். எந்த நிறுவனத்தின் நிழலும் விழாது.

மிச்சமிருந்தது கண்ணாடி. கஷ்டமே அங்கேதான்.

அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் 30 செ.மீ. குறுக்களவுள்ள தெளிவான பிளாஸ்டிக் அரைக்கோளம் கிடைத்தது. முகத்துக்கு முன்னால் மட்டும் நிற்கும். பின்பக்கம் திறந்திருப்பதால் மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. முழு ஹெல்மெட் மாதிரி காட்ட அட்டையில் ஒரு பின்பகுதி. ஆறு வயதுக் குழந்தைக்கு அளவைக் குறைக்கத் தேவையில்லை என்பது இங்கே வசதி. உயரம் பெரியவர்களைவிட ரொம்பக் குறைவாக இருந்தாலும், தலைச் சுற்றளவு அந்த வயதிலேயே பெரியவர்களுடையதில் பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிடுகிறது. அதனால் பெரியவர் அளவு ஹெல்மெட்டே தலைக்குச் சரியாக இருக்கும்; தோள்தான் அதற்குக் கீழே சின்னதாகத் தெரியும். கம்ப்யூட்டரில் செய்யப்படும் பல படங்களில் ஹெல்மெட்டையும் சேர்த்துச் சுருக்கிவிடுவார்கள். பார்க்கும்போது குழந்தையாகத் தெரியாமல், சின்னதாக்கிய பெரிய ஆளாகத் தெரியும்.

ஹாலில் பகல் வெளிச்சத்தில் முதல் சோதனை. அரைக்கோளத்துக்குள் முகம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும் ஜன்னலும்தான் பளிச்சென்று தெரிந்தன. ஏன் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பரப்பு. ஆக 10 சதவீதம். வெயில் படும் வெள்ளைச் சுவரின் வெளிச்சம் 80 என்று வைத்தால், கண்ணாடியில் அது 8. முகம் நிழலில் இருக்கிறது, சுவருக்குக் கிடைக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் அதற்கு. மாநிறத் தோல் அதில் கால் பங்கைத் திருப்பி அனுப்பினால் 2.5. கண்ணாடியைத் தாண்டி வரும்போது சுமார் 2.2. சுவர் 8, குழந்தை 2.2. பத்து சதவீதமே திருப்பி அனுப்பும் கண்ணாடியில் சுவர் ஜெயித்துவிடுகிறது.

இந்த இடத்தில் எல்லோர் கையும் ஒரே பக்கம்தான் போகும்: முகத்தை மட்டும் தேர்வு செய்து வெளிச்சத்தை ஏற்றிவிடுவது. 2.2-ஐ 8 ஆக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மாநிறக் குழந்தை வேறு யாரோ ஆகிவிடும். முகம் தெரியணும் என்று கேட்டவளுக்கு அவளுடையதல்லாத ஒரு வெளுத்த முகத்தைக் கொடுப்பது, தங்க வைசரைவிட மோசமான மறைப்பு. ஆல்ட்ரினாவது கண்ணாடிக்குப் பின்னால் ஆல்ட்ரினாகவே இருந்தார். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களையும் ஸ்டூடியோப் பாஸ்போர்ட் போட்டோக்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கே வேறு வழியைச் சொல்கிறது. 2.2-ஐத் தொடாதே, 8-ஐக் குறை. முகம் எதைப் பார்க்கிறதோ அதுதான் கண்ணாடியில் வரும். எனவே அவள் எதிரே இருப்பதைக் கறுப்பாக்க வேண்டும். சந்திரனில் இது இயல்பாகவே நடக்கும். அங்கே பகலிலும் வானம் கறுப்பு, தரையோ விழும் ஒளியில் சுமார் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். தெளிவான கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிவது அங்கே பொய் இல்லை, தங்க வைசர் ஏற்றப்பட்டிருந்தால் போதும். ஒரே நிபந்தனை, சூரியன் பக்கவாட்டில் இருக்கணும். நேரே எதிரில் இருந்தால் எந்த வீரரும் வைசரை ஏற்றமாட்டார்.

அதனால் இரண்டாவது நாள் ராத்திரி, ஜன்னலை மூடி, என் பின்னால் கறுப்பு வேட்டி ஒன்றைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். சபரிமலை சீசனில் அப்பா கட்டியது. அவளுக்கும் எனக்கும் நடுவே தரையில் சாம்பல் நிறப் பெட்ஷீட். அவளுக்கு இடப்பக்கம் 3 மீட்டர் தள்ளி, மூடி இல்லாத ஒரே ஒரு பல்பு. ஜன்னலையோ பெரிய விளக்கையோ சூரியனாக வைத்தால் மாட்டிக்கொள்வோம். கண்ணாடியில் அது சதுரமாக, கம்பிகளோடு விழும். சந்திரனில் ஜன்னல் கிடையாது. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. 6 செ.மீ. பல்பு 3 மீட்டரில் அதைப்போல இரு மடங்குதான், ஒரு பளீர் புள்ளியாகவே வரும்.

அந்தப் புள்ளி எங்கே வரும் என்பதும் நம் இஷ்டம் இல்லை. ஹெல்மெட் ஒரு குவி ஆடி. கேமரா இருக்கும் திசை எப்போதும் கோளத்தின் நட்டநடுவில் விழும். விளக்கு சரியாகப் பக்கவாட்டில், கேமராத் திசைக்குச் செங்குத்தாக இருந்தால், அதன் புள்ளி நடுவிலிருந்து ஆரத்தில் 70 சதவீதம் தள்ளி விழும். அதாவது என் கோளத்தில் 15-க்கு 10.5 செ.மீ. விளக்கு அவளுக்குப் பின்பக்கம் போகப் போகப் புள்ளி ஓரத்தை நெருங்கும். ஓரத்தில் பிரதிபலிப்பும் பலமாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஒளி சரிவாகப் படுகிறது. ஆகவே முகத்தில் வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்து, கண்ணாடியில் புள்ளி நெற்றி நடுவே இருந்தால் யாரோ பிற்பாடு ஒட்டியது என்று தெரிந்துவிடும். இன்னொரு தடயமும் உண்டு. பிளாஸ்டிக்குக்கு இரண்டு பரப்பு இருப்பதால் உற்றுப் பார்த்தால் ஒன்றை ஒட்டி இன்னொன்றாக இரண்டு புள்ளிகள் வரும். என் படத்தில் வந்தது.

சந்தேகம் வந்தபோதெல்லாம் அவள் இடத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பை வைத்துப் பார்த்தேன். சினிமாக்காரர்கள் பளபளப்பான உருண்டையை வைத்துச் சுற்றியிருக்கும் ஒளியைப் பதிவு செய்கிறார்களே, அதே வேலை. அறை முழுவதும் அந்தச் சொம்பில் இருந்தது. அணைக்க மறந்த மோடம் விளக்குகூட.

2013-இல் வந்த 'கிராவிட்டி' படத்தில் நடிகர்களின் முகத்துக்கு முன்னால் கண்ணாடியே இல்லை. வைசரும் அதில் தெரியும் பூமியும் மூச்சின் ஆவியும் பின்னர் கணினியில் சேர்க்கப்பட்டவை. நம்பும்படி இருப்பதற்குக் காரணம், முகத்தில் விழும் ஒளியும் கண்ணாடியில் தெரியும் உலகமும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. சில சினிமாக்களில் ஹெல்மெட்டுக்கு உள்ளேயே குட்டி விளக்குகள் வைத்து முகத்தைக் காட்டுவார்கள். நடிகர் தெரிவார், சரிதான். ஆனால் இரவு நேரத்தில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் நாமே தெரிவோம், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த விளக்கு பார்வையாளருக்கானது, விண்வெளி வீரருக்கு அது இடைஞ்சல்.

கடைசியாக ஒரு முடிவு பாக்கி இருந்தது: கண்ணாடியில் நான் தெரியலாமா? கணினியில் என்னை அழிப்பது ஐந்து நிமிட வேலை. கணக்குப்படி 15 செ.மீ. ஆரமுள்ள கோளத்தில், 2 மீட்டர் தள்ளி இருப்பவர் சுமார் 28-இல் ஒரு பங்காகச் சுருங்குவார். 170 செ.மீ. ஆள் 6 செ.மீ. முகத்தின் மேல் சரியாக மூக்கருகே விழும் உருவம் அது. கறுப்புச் சட்டை போட்டால் கையும் கேமராவும் மட்டும் மங்கலாகத் தெரியும்.

நின்று எடுத்த படத்தையும் மண்டியிட்டு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோளத்தில், அவள் கண் உயரத்தில் இருக்கிற எல்லாம் அடிவானக் கோட்டில் விழும். நான் நின்றால் என் தலை அந்தக் கோட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது. கோடே கீழ்நோக்கி வளைகிறது. குழந்தையின் முகத்தின் மேல் ஒரு பெரிய ஆள் குனிந்து பார்க்கிற தோற்றம். மண்டியிட்டால் அடிவானம் நேர்கோடாகி, நடுவே சுமார் 4 செ.மீ. உயரத்தில் நான், கேமரா சரியாகக் கோட்டின் மேல். படம் எடுத்தவர் குழந்தையைக் கீழே பார்த்தாரா நேரே பார்த்தாரா என்பதைக் கண்ணாடி எழுதி வைத்துவிடுகிறது.

மண்டியிட்ட படத்தைத்தான் பிரிண்ட் போட்டோம், என்னை அழிக்காமல். வலக் கன்னம் இருட்டில் இருக்கிறது. பெட்ஷீட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தாடையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது. நிறம் அவள் நிறம். அடையாளம் என்று இருப்பது ஒரு காக்கா. பார்க்கிறவர்கள் யாரும் இது யார் என்று கேட்டதில்லை. மூக்குக்குக் கீழே மங்கலாகத் தெரியும் அந்தக் கை யாருடையது என்றுதான் கேட்கிறார்கள்.